ஏழாம் வகுப்பில் ஒரு முனைவர்

நாற்பத்தாறாவது வயதில் நான் முதல்முறையாக ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் முன்னால் போய் நின்றேன். அதற்கு முன் பதினேழு வருடம் திருச்சியில் ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். இயற்கணிதத்தில் முனைவர் பட்டம். கல்லூரியில் அந்தப் பணியிடமே இல்லை என்று ஒரு மே மாதம் சொல்லிவிட்டார்கள். ஜூனில் ஸ்ரீரங்கத்தில், எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருந்த ஒரு தனியார் பள்ளியில் சேர்ந்தேன்.

தாளாளர் வயதானவர், மரியாதையான மனிதர். என் சான்றிதழ்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, “டாக்டரேட் பண்ணினவா எங்க ஸ்கூலுக்கு வரது பெரிய பாக்கியம். குழந்தைகள் குடுத்து வெச்சிருக்கணும்” என்றார். எனக்கும் உள்ளூர அப்படித்தான் இருந்தது. ஏழாம் வகுப்புக் கணக்கை நான் கண்ணை மூடிக்கொண்டு நடத்துவேன் என்று மனைவியிடம் சொன்னேன். பின்னால் யோசித்துப் பார்த்தால் அப்படித்தான் நடத்தியிருக்கிறேன்.

முதல் பாடம் இயற்கணிதக் கோவைகள். எண்ணுக்குப் பதில் எழுத்து. ஒத்த உறுப்பு, மாறுபட்ட உறுப்பு. பலகையில் 3a + 2b என்று எழுதி, இதை இதற்கு மேல் சுருக்க முடியாது என்றேன். முன்பெஞ்சில் ஒருத்தி, இரட்டை ஜடை போட்டவள், கேட்டாள்.

“ஏன் சார் முடியாது? மூணும் ரெண்டும் அஞ்சுதானே?”

அந்தக் கேள்விக்குக் கல்லூரியில் நான் வைத்திருந்த பதில்கள் எல்லாம் அவளுடைய உயரத்துக்கு மேலே இருந்தன. ஒரு நிமிடம் தடுமாறிவிட்டு, கைக்கு வந்ததை எடுத்தேன்.

“a-ன்னா மாம்பழம்னு வெச்சுக்கோ. b-ன்னா வாழைப்பழம். மூணு மாம்பழம், ரெண்டு வாழைப்பழம். ரெண்டையும் சேர்த்து அஞ்சு மாம்பழம்னு சொல்லுவியா?”

வகுப்பே சிரித்தது. “மாட்டோம் சார்!” எல்லார் முகமும் தெளிந்தது. எனக்கும் பெருமையாக இருந்தது. அன்று சாயங்காலம் காவிரிக்கரையில் அம்மா மண்டபத்துப் பக்கம் நடக்கும்போதுகூட அந்த மாம்பழத்தை நினைத்து நானே என்னை மெச்சிக்கொண்டேன்.

ஆகஸ்டில் முதல் தேர்வு. விடைத்தாள்களைத் திருத்தத் திருத்தக் கை கூசியது. 4a + 2b − a என்பதைச் சுருக்கச் சொல்லியிருந்தேன். பாதிப் பேர் 3a + 2b வரை ஒழுங்காக வந்து, அதோடு நிற்காமல் அடுத்த வரியில் 5ab என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தார்கள். ஆசிரியர் அறைக்குத் தாள்களைத் தூக்கிக்கொண்டு போனேன். போன வருடம் இதே பிள்ளைகளுக்கு ஆறாம் வகுப்பில் கணக்கு எடுத்த டீச்சர் ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

அவர் மண்ணச்சநல்லூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருபவர். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவர். ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்து, பிறகு அஞ்சல் வழியில் பி.எஸ்ஸி. படித்தவர். அதிலும் இரண்டு தாள் திரும்பத் திரும்ப எழுதித் தேறியதாக அவரே சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார்.

“டீச்சர், ஆறாவதுல இவங்களுக்கு என்னதான் சொல்லிக் குடுத்தீங்க?” என்று கேட்டேன். குரலில் இருந்த தடிப்பை நான் மறைக்கவில்லை.

அவர் கோபப்படவில்லை. “குடுங்க சார், பாக்கறேன்” என்று வாங்கிக்கொண்டார்.

கட்டு முழுவதையும் மேசையில் வைத்து ஒவ்வொரு தாளாக எடுத்தார். நான் போட்ட மதிப்பெண்ணை அவர் பார்க்கவே இல்லை. பக்கங்களைப் புரட்டி, சில இடத்தில் ஓரத்தில் இருந்த கிறுக்கலைக்கூடப் படித்து, தாள்களைத் தனித்தனிக் குவியலாக வைத்துக்கொண்டே போனார்.

“இந்தக் குவியல்ல இருக்கறவங்களுக்கு நடுவுல கூட்டல் குறி இருந்தா கணக்கு முடியலன்னு அர்த்தம் சார். விடைன்னா ஒத்தையா இருக்கணும்னு அஞ்சு வருஷமா பழகியிருக்காங்க. பாருங்க, 3 + 5x-ஐயும் 8x-னுதான் எழுதியிருக்காங்க.” அடுத்த குவியலைத் தொட்டார். “இவங்க வேற. இவங்களுக்கு ab-ன்னா a-வும் b-யும் பக்கத்துல பக்கத்துல உக்காந்திருக்குன்னு அர்த்தம். அது பெருக்கல்னு தெரியல.”

“ரெண்டு பேரும் எழுதினது 5ab தானே?”

“எழுதினது ஒண்ணுதான் சார். நினைச்சது வேற வேற.”

மூன்றாவதாக ஒரு குவியல் தனியாக இருந்தது. அதில் எல்லாமே சரியான விடைகள். முழு மதிப்பெண் போட்டிருந்தேன்.

“இவங்களுக்கென்ன?” என்றேன்.

“இவங்களைப் பத்திதான் சார் எனக்குப் பயமா இருக்கு.” ஒரு தாளை என் பக்கம் திருப்பினார். இரட்டை ஜடைக்காரியின் தாள். 3a + 2b என்ற விடைக்குக் கீழே, பென்சிலில், பொடி எழுத்தில் ‘மாம்பழமும் வாழைப்பழமும் சேராது’ என்று எழுதியிருந்தாள்.

“யார் சார் மாம்பழம்னு சொன்னது?”

“நான்தான்.”

அவர் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு மெதுவாகக் கேட்டார்: “அடுத்த மாசம் a-வையும் b-யையும் பெருக்கணுமே சார். மாம்பழத்தையும் வாழைப்பழத்தையும் எப்படிப் பெருக்குவீங்க?”

நான் ஆய்வேட்டில் பெருக்காதது இல்லை. வரிசை மாறினால் விடை மாறும் பெருக்கல்களைப் பற்றி நூற்றைம்பது பக்கம் எழுதியவன். அந்த மேசைக்கு முன்னால் அந்தத் தாளையே திரும்பத் திரும்பப் பார்த்தேன். எழுத்து என்பது ஒரு எண்ணின் இடத்தில் நிற்பது என்று எனக்குத் தெரியும்; தெரியும் என்பதுகூட இல்லை, மூச்சு விடுவதுபோல அது. அதனாலேயே, அது தெரியாத ஒரு பிள்ளைக்கு அது என்னவாகத் தெரியும் என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை.

“உங்களுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?” என்றேன்.

“நானும் முதல் ரெண்டு வருஷம் மாம்பழம்தான் சார் சொன்னேன்” என்றார். “அந்தப் பிள்ளைங்க எட்டாவதுல போய்த் திணறி நின்னதைப் பாத்தேன்.”

அடுத்த வாரம் என் வகுப்புக்கு வந்து ஒரு பாடவேளை எடுக்கும்படி அவரைக் கேட்டுக்கொண்டேன். அவருக்குத் தயக்கம். டாக்டர் வகுப்பில் நானா என்றார். கடைசியில் வந்தார். நான் பின்பெஞ்சில் உட்கார்ந்தேன்.

அவர் எதையும் விளக்கவில்லை. பலகையில் ஒரே ஒரு வரி எழுதினார். ஒரு ஆட்டோவில் ஆறு பிள்ளைகள் பள்ளிக்கு வருகிறார்கள். ஆட்டோவுக்கு a, பிள்ளைகளுக்கு p. இதைச் சமன்பாடாக எழுதுங்கள். எல்லாரும் சட்டென்று எழுதிவிட்டார்கள். பெஞ்சு பெஞ்சாக நடந்து பார்த்துவிட்டு, இரட்டை ஜடைக்காரியைப் பலகைக்குக் கூப்பிட்டார். அவள் a = 6p என்று எழுதினாள். நானாக இருந்தால் அந்த இடத்திலேயே அழித்து p = 6a என்று எழுதியிருப்பேன்.

“படிச்சுக் காட்டும்மா.”

“ஒரு ஆட்டோ சமம் ஆறு பிள்ளைங்க, மிஸ்.”

“சரி. இன்னைக்கு மூணு ஆட்டோ வந்துச்சு. எத்தனை பிள்ளைங்க வந்திருப்பாங்க?”

“பதினெட்டு.”

“நீ எழுதினதுல a இருக்கற இடத்துல மூணு போடு. p இருக்கற இடத்துல பதினெட்டு போடு.”

அவள் போட்டாள். ஆறு பதினெட்டு நூற்றெட்டு என்று வாய்க்குள் பெருக்கினாள். 3 = 108 என்று எழுதிவிட்டுச் சாக்பீஸை இறக்காமல் நின்றாள். பின்னால் யாரோ சிரித்தார்கள். டீச்சர் கையைக் காட்டி அடக்கினார். அவர் பேசவே இல்லை. அந்த மௌனம் எனக்கே தாங்கவில்லை. எழுந்து விடையைச் சொல்லிவிடலாமா என்று இருந்தது.

அவள் திரும்பினாள். “அப்ப a-ன்னா ஆட்டோ இல்லையா மிஸ்?”

“பின்ன என்ன?”

“எத்தனை ஆட்டோங்கறது... அந்த நம்பர்.”

“அப்ப இப்ப எழுது.”

அவள் ஒரு கணம் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் அழித்து p = 6a என்று எழுதினாள். தானே 18 = 18 என்று போட்டுப் பார்த்தாள்.

மணி அடித்தது. வெளியே வந்ததும் நான் உற்சாகமாக, “முடிஞ்சுது டீச்சர், புரிஞ்சுபோச்சு” என்றேன். அவர் தலையாட்டவில்லை. “இது ஒரு நாள்ல போகாது சார். திரும்பவும் வரும். வர வர நீங்க கேட்டுக்கிட்டே இருக்கணும்” என்றார்.

அவருக்குத் தெரியாததும் இருந்தது. ஒரு நாள் டீ குடிக்கும்போது, மைனஸையும் மைனஸையும் பெருக்கினால் ஏன் பிளஸ் என்று என்னிடம் கேட்டார். “பதிமூணு வருஷமா விதின்னே சொல்லிட்டு வரேன் சார், எனக்கே உள்ள ஏதோ இடிக்குது.” பங்கீட்டு விதியை வைத்து நான் நிரூபித்துக் காட்டினேன். இரண்டு முறை கேட்டுத் தன் கையால் எழுதிப் பார்த்தார். கண் கலங்கியதுபோல இருந்தது. மறுநாள் அதை வகுப்புக்கு வேறு மாதிரி கொண்டுபோனார்: மூன்று தரம் மைனஸ் இரண்டு என்றால் மைனஸ் ஆறு, இரண்டு தரம் என்றால் மைனஸ் நான்கு, ஒரு தரம் என்றால் மைனஸ் இரண்டு, பூஜ்யம் தரம் என்றால் பூஜ்யம், விடை ஒவ்வொரு படியிலும் இரண்டு இரண்டாக ஏறுகிறது, அடுத்த படி மைனஸ் ஒரு தரம், இப்போது என்ன வரவேண்டும் என்று பிள்ளைகளையே கேட்டார். நான் கொடுத்த நிரூபணத்தின் எலும்பு அதற்குள் இருந்தது. ஆனால் அந்த உருவத்தை நான் பத்து வருடம் யோசித்தாலும் செய்திருக்க மாட்டேன். அந்தச் சில மாதங்கள்தான் நான் ஆசிரியராக இருந்த காலம் என்று இப்போது நினைக்கிறேன்.

ஏப்ரலில் நிர்வாகம் ஒரு முடிவு எடுத்தது. ஆறாம் வகுப்பிலிருந்தே பாட வல்லுநர்கள்தான் எடுக்க வேண்டும், முதுகலை கட்டாயம். அதற்குக் காரணமே நான்தான். ‘முனைவர் பட்டம் பெற்ற ஆசிரியர்’ என்று அடுத்த வருடச் சேர்க்கைக்கான விளம்பரப் பலகையில் போட்டதில் சேர்க்கை கூடிவிட்டதாம். ஏற்கெனவே இருப்பவர்களும் ஒரு நேர்காணலுக்கு வரலாம், தகுதி இருந்தால் பார்க்கலாம் என்றார்கள். நேர்காணல் குழுவில் தாளாளர், தலைமையாசிரியை, ஓய்வு பெற்ற ஒரு கணிதப் பேராசிரியர், நான்.

டீச்சர் நீலப் புடவையில் வந்து உட்கார்ந்தார். பேராசிரியர் கேட்ட முதல் கேள்வி, இரண்டின் வர்க்கமூலம் விகிதமுறா எண் என்று நிரூபிக்க வேண்டும். டீச்சர் தொடங்கி, பாதியில் நின்றுவிட்டார். அடுத்த கேள்வியிலும் அப்படித்தான். அவர் கை புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தது. என் முறை வந்தது. அவருக்குத் தெரிந்தது எதுவோ அதை அந்த அறையில் இருப்பவர்கள் பார்க்க வேண்டும் என்று நினைத்து, இரண்டு நாளாக யோசித்து வைத்திருந்த கேள்வியைக் கேட்டேன்.

“ஒரு பிள்ளை 3a + 2b சமம் 5ab-னு எழுதுது. என்ன செய்வீங்க டீச்சர்?”

அவர் முகம் நிமிர்ந்தது. “அந்தப் பிள்ளைகிட்ட பேசிப் பாக்கணும் சார். அது எந்த 5ab-னு தெரியணும்.”

பேராசிரியர் வாய்விட்டுச் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. உண்மையிலேயே அவருக்கு வேடிக்கையாக இருந்தது. “ஏம்மா, 5ab-ல எத்தனை வகை இருக்கு?”

டீச்சர் பதில் சொல்லத்தான் வாயெடுத்தார். தாளாளர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, “சரிம்மா, நீங்க போயிட்டு வாங்கோ” என்று கைகூப்பிவிட்டார்.

அடுத்து ஒரு இளைஞர். முதுகலையில் தங்கப் பதக்கம். வர்க்கமூல நிரூபணத்தை நான்கே வரியில் எழுதினார். அதே கேள்வியை அவரிடமும் கேட்டேன். “ஒத்த உறுப்புகளை மட்டும்தான் கூட்ட முடியும்னு விதியை இன்னொரு தடவை சொல்லி, பத்து தடவை எழுதச் சொல்வேன் சார்” என்றார். பேராசிரியர் திருப்தியாகத் தலையசைத்தார். அந்த இளைஞர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. போன ஜூனில் என்னைக் கேட்டிருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

கதவைச் சாத்திக்கொண்டு பேசும்போது நான் விடாமல் வாதாடினேன்.

“சார், நீங்க சொல்றதை நான் கேட்டுக்கறேன்” என்றார் தாளாளர். “அவா நல்ல மாதிரி, குழந்தைகள்கிட்ட பிரியமா இருப்பா. எல்லாம் சரி. ஆனா அவாளுக்கு உங்களைவிடக் கணக்குத் தெரியுமா?”

“தெரியாது சார். ஆனா கணக்கு தெரியாத பிள்ளைக்கு என்ன தெரிஞ்சிருக்கும்னு அவங்களுக்குத் தெரியும்.”

சொன்னதும் எனக்கே அது விடுகதைபோலக் கேட்டது. தலைமையாசிரியை என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “அனுபவம்தானே சார் நீங்க சொல்றது? புதுசா வரவங்களுக்கும் நாளாக நாளாக வந்துடும்” என்றார். அனுபவம் மட்டும் இல்லை. எனக்குப் பதினேழு வருட அனுபவம் இருந்தது, அது வரவில்லை. பாடமும் இல்லை, பிரியமும் இல்லை. பாடத்தைப் பிள்ளையின் பக்கத்திலிருந்து பார்க்கத் தெரிவது, அது தனியாக ஒரு படிப்பு. இதை இப்போது எழுதுகிறேன். அன்று அந்த அறையில் எனக்குச் சொல்ல வரவில்லை. எத்தனையோ தேற்றங்களை நிறுவிய நான், அந்த ஒன்றை நிறுவ முடியாமல், இளைஞரைத் தேர்ந்தெடுத்த முடிவில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தேன்.

டீச்சர் வராந்தாவில் காத்திருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டார்.

“விடுங்க சார். நீங்க கேட்டீங்கல்ல, அதுவே போதும்” என்றார். அப்புறம், “அந்த ரெட்டை ஜடைக்காரிய மட்டும் கொஞ்சம் பாத்துக்கோங்க. அவ சரியா எழுதிட்டாலும் ஏன்னு கேளுங்க” என்றார்.

அடுத்த வருடம் எனக்கு ஏழாம் வகுப்போடு எட்டாம் வகுப்பும் வந்தது. அவர் செய்ததைப்போலவே செய்ய முயன்றேன். அவர் கேட்ட கேள்விகளை ஞாபகப்படுத்தி ஒரு நோட்டில் எழுதிக்கொண்டேன். அதே ஆட்டோக் கணக்கைக் கொடுத்தேன். ஒரு பையன் a = 6p என்று எழுதினான்; அதே மாதிரி மூன்று ஆட்டோ என்றேன்; அதே மாதிரி எண்களைப் போடச் சொன்னேன். அவன் 3 = 108 என்று எழுதி, கொஞ்சம் யோசித்து, “நூத்தியெட்டு தப்புன்னா பெருக்காம கூட்டணும் சார். a சமம் ஆறு பிளஸ் p” என்றான். என் நோட்டில் அதற்கு எதுவும் இல்லை. டீச்சருக்கு அவன் முகத்தைப் பார்த்தே அடுத்த கேள்வி வந்திருக்கும். நான் p = 6a என்று பலகையில் எழுதினேன். அவன் பார்த்து எழுதிக்கொண்டான்.

எட்டாம் வகுப்பில் (a + b)²-ஐ விரிப்பது வந்தது. இரட்டை ஜடைக்காரி a² + b² என்று எழுதினாள். ஏன் என்று கேட்டேன். “தெரியல சார்” என்றாள். மறுபடி கேட்டேன். அவள் கண்ணில் தண்ணீர் வந்தது. டீச்சர் ‘ஏன்’ என்று கேட்டால் பிள்ளைகள் யோசித்தார்கள். நான் கேட்டால் திட்டுவதாக நினைத்தார்கள்.

அந்த வாரமே டீச்சரைப் போனில் கூப்பிட்டேன். அவர் ஊரிலேயே ஒரு அரிசி ஆலை அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். பின்னால் இயந்திரச் சத்தம். நடந்ததைச் சத்தமாகச் சொன்னேன்.

“அவ எழுதும்போது முதல்ல எதை எழுதினா சார்?” என்று கேட்டார்.

நான் கவனிக்கவில்லை.

“எண் போட்டுப் பாத்தாளா? a-க்கு ரெண்டு, b-க்கு மூணுன்னு?”

போடச் சொல்லவில்லை.

“பிள்ளைய பாக்காம என்ன சார் சொல்றது...” என்று இழுத்தார். பிறகு யாரோ கூப்பிட, “அப்புறம் பேசறேன் சார்” என்று வைத்துவிட்டார். பொங்கல் கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி அவர் வீட்டுக்கே போனேன். வாரத்தில் இரண்டு நாள் சாயங்காலம் என் வகுப்புப் பிள்ளைகளுக்கு எடுக்க முடியுமா என்று கேட்டேன். காபி கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

“மாட்டேன் சார். தப்பா நினைக்காதீங்க. உங்களுக்கெல்லாம் அது பெரிய விஷயமா தெரியுது. எனக்கு அந்த இன்டர்வியூ ரூம்ல உக்காந்ததிலேருந்து, எனக்குன்னு ஒண்ணும் தெரியாதுன்னுதான் தோணுது.”

“அப்படி இல்லைங்க டீச்சர்.”

“இருக்கட்டும் சார். எங்க வீட்டுப் பிள்ளைக்கே இப்ப டியூஷன் வெச்சிருக்கேன்” என்றார். வாசல் வரை வந்து வழியனுப்பினார்.

அதற்குப் பிறகு நான் எளிய வழிக்கு வந்துவிட்டேன். தேர்வில் எந்தெந்த வகைக் கணக்கு கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு வகைக்கும் படிகளை எண் போட்டுச் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் எழுதிக்கொண்டு மனப்பாடம் செய்கிறார்கள். மதிப்பெண் ஏறியது. ஆண்டு விழாவில் தாளாளர் எனக்குச் சால்வை போர்த்தினார், பெற்றோர்கள் கைதட்டினார்கள். தங்கப் பதக்க இளைஞர் என்னிடம் வந்து, “உங்க ஸ்டெப்ஸ் நோட்ஸ் எனக்கும் குடுங்க சார்” என்றார். கொடுத்தேன்.

நேற்று ஏழாம் வகுப்பில் கோவைகள் பாடம் தொடங்கினேன். 3a + 2b என்று எழுதி, இதற்கு மேல் சுருக்க முடியாது, எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். எழுதிக்கொண்டார்கள். ஏதாவது சந்தேகம் உண்டா என்று கேட்டு, உண்மையாகவே கொஞ்ச நேரம் காத்திருந்தேன். முப்பத்தெட்டுப் பிள்ளைகளும் அடுத்த படிக்காகப் பேனாவைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.